எட்டு இலட்சம் கையில் வந்தபோது: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

வீட்டுக் கடனில் ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே கட்டப் போனால் கடன் பிரிவில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார். எங்களிடமும் கேட்டார். "ரீச்சர், மாதத் தவணையைக் குறைக்கவா, கடன் காலத்தைக் குறைக்கவா?" பலர் அந்த மேசையிலேயே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: காலத்தைக் குறையுங்கள், வட்டி மிச்சமாகும். நாங்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்தோம். அந்தக் கணக்கையும், அதன்பின் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு கல்லடியில். கடன் என் பெயரில். நான் அரச பாடசாலை ஆசிரியை. சம்பளம் வங்கிக்கு வந்த கையோடு தவணை தானாக வெட்டப்பட்டுவிடும். கணவர் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். சேவை முடிவில் அவருக்குக் கிடைத்த பணத்தில் எட்டு இலட்சத்தைக் கடனுக்குக் கட்டலாம் என்று ஒதுக்கினோம். இப்போது அவர் வீடுகளுக்கு வர்ணம் பூசும் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறார். மட்டக்களப்பில் அந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. மாரி தொடங்கினால் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் அவர் கைக்கு வருவது மிகக் குறைவு. ஜனவரியில் பிள்ளைகளுக்கான பாடசாலைச் செலவும் சேர்ந்துகொள்ளும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், எங்கள் முடிவு கடைசியில் இந்த மூன்று மாதத்தைச் சுற்றியே நின்றது.

கடன் நிலவரம் இதுதான். மீதி 30 இலட்சம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், குறைந்துவரும் மீதிக்கு. எஞ்சியிருந்தவை 120 தவணை. மாதத் தவணை 43,041 ரூபாய். எட்டு இலட்சம் கட்டினால் மீதி 22 இலட்சமாகும். அதன்பின் இரண்டு வழி. 120 மாதத்தை அப்படியே வைத்தால் தவணை 31,564 ஆகக் குறையும். தவணையை 43,041 ஆகவே வைத்தால் கடன் 72 மாதத்தில், அதாவது ஆறு ஆண்டில் முடியும். இதை வங்கி சொல்லித்தான் அறிய வேண்டும் என்றில்லை. கைத்தொலைபேசியில் இருக்கும் எந்த விரிதாளிலும் இரண்டு வரி போதும்:

```
=PMT(12%/12, 120, -2200000)
=NPER(12%/12, -43041, 2200000)
```

முதல் வரி புதிய தவணையைத் தரும். இரண்டாவது, பழைய தவணையிலேயே கட்டினால் எத்தனை மாதம் என்பதைத் தரும், எங்களுக்கு 71.93 என்று வந்தது. உங்கள் வட்டி வீதத்தையும் மீதியையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணா கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவரிடம் தாளைக் கொடுத்தேன். மொத்த வட்டியைக் கூட்டிப் பார்த்தார். எட்டு இலட்சம் கட்டாமலே விட்டிருந்தால் மீதிப் பத்து ஆண்டில் கட்டும் வட்டி ஏறக்குறைய 21.65 இலட்சம். கட்டிவிட்டுத் தவணையைக் குறைத்தால் 15.88 இலட்சம். கட்டிவிட்டுக் காலத்தைக் குறைத்தால் 8.96 இலட்சம். இரண்டு வழிக்கும் இடையில் 6.92 இலட்சம் வித்தியாசம். "இதற்கு மேல் என்ன யோசனை, தங்கச்சி? ஏழு இலட்சத்தை யாராவது வங்கிக்கு விட்டுக்கொடுப்பார்களா?" என்றார்.

அண்ணாவின் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த 6.92 இலட்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை வேறு. எட்டு இலட்சம் கட்டிய அடுத்த மாதம் இரண்டு வழியிலும் வட்டி ஒன்றேதான்: 22 இலட்சத்துக்கு 1 சதவீதம், 22,000 ரூபாய். முன்கட்டணத்தால் வரும் நன்மை அத்துடன் இரண்டு வழிக்கும் சமமாகக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் வித்தியாசம் முழுவதும், காலத்தைக் குறைப்பவர் மாதாமாதம் 11,477 ரூபாய் கூடக் கட்டுகிறார் என்பதால் வருவது. வங்கி அவருக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. அவர் தம் பையிலிருந்து அதிகம் கொடுக்கிறார், அதனால் கடன் கெதியில் தீர்கிறது.

அப்படியானால் தவணையைக் குறைத்துக்கொண்டவர் அந்த 11,477 ரூபாயை என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அதை மாதாமாதம் கடனின் முதலுக்கே கட்டினால் அவருடைய கடனும் அதே 72 மாதத்தில், அதே 8.96 இலட்சம் வட்டியில் முடியும். ஒரு ரூபாய் வித்தியாசமும் இராது. 8 சதவீத வட்டிக்கு எங்கேனும் வைப்புச் செய்து வந்தால் 72ஆம் மாத முடிவில் கையில் ஏறக்குறைய 10.56 இலட்சம் சேர்ந்திருக்கும், கடனில் 11.99 இலட்சம் மீதி நிற்கும். வித்தியாசம் ஏழு இலட்சம் அல்ல, ஒன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வைப்பு வட்டியில் வரி வெட்டுவதைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். கடனுக்கு 12 கொடுத்து வைப்பில் 8 வாங்குவதற்கான விலை அது. பணத்தை ஒன்றும் செய்யாமல் செலவழித்துவிட்டால் மட்டுமே 72ஆம் மாதத்தில் 11.99 இலட்சம் கடன், கையில் வெறுமை என்ற நிலை வரும். அண்ணாவின் கூட்டல் இந்தக் கடைசி ஆளைத்தான் மனத்தில் வைத்திருந்தது. அவர் நினைத்தது தவறென்று சொல்ல மாட்டேன், அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

ஆக, நான் புரிந்துகொண்டது இது. காலத்தைக் குறைப்பது என்பது அதிகம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது. தவணையைக் குறைப்பது என்பது அதிகம் கட்டும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாமல் விடும் உரிமையையும் வாங்கிக்கொள்வது. அந்த இரண்டாவது உரிமை எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெறும் என்று பார்க்க 2022ஐ நினைத்தால் போதும்.

எங்கள் கடனின் வட்டி நிலையானது அல்ல. வங்கிகளின் முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி, காலத்துக்குக் காலம் திருத்துவார்கள். அந்த வீதம் 2022 முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியது. 2023 முடிவில் 12 சதவீத அளவுக்கு இறங்கியது. அதன்பின் ஒற்றை இலக்கத்துக்கும் வந்தது. இடையில் இருந்த காலத்தை வீட்டுக் கடன் வைத்திருந்த எவரும் மறக்கமாட்டார்கள். எரிபொருள் வரிசையில் கணவர் இரவு நிற்பார், மறுநாள் வங்கியிலிருந்து தவணை ஏறிய கடிதம் வரும். என் தாலிக்கொடி தவிர்ந்த நகை எல்லாம் அப்போது அடகுக் கடையைப் பார்த்தது. அடகு வட்டி தனிக் கதை, அதைச் சொல்லப் போனால் இது முடியாது.

எங்கள் ஒப்பந்தப்படி வீதம் ஏறினால் மீதிக் காலம் நீளாது, தவணைதான் ஏறும். ஆகவே கணவர் ஒரு கேள்வி கேட்டார்: எட்டு இலட்சம் கட்டிய கையோடு வட்டி 20 சதவீதத்துக்கு ஏறினால் என்ன ஆகும்? அதே விரிதாளில் 12க்குப் பதில் 20 போட்டோம். காலத்தைக் குறைத்திருந்தால், 72 மாதத்துக்கு 22 இலட்சம், தவணை 52,696 ரூபாய். தவணையைக் குறைத்திருந்தால், 120 மாதத்துக்கு 42,516 ரூபாய். பின்னதைப் பார்த்து இருவரும் சற்று நேரம் பேசவில்லை. வட்டி 20 சதவீதமானாலும், இன்றைக்கு நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் 43,041ஐ அது தாண்டவில்லை. அதாவது எங்களால் கட்ட முடியும் என்று ஏற்கெனவே நிரூபித்த தொகைக்குள் அது நிற்கிறது. மற்றதில் பத்தாயிரம் ரூபாய் புதிதாகத் தேட வேண்டும், அதுவும் மற்றெல்லாச் செலவும் ஏறியிருக்கும் ஒரு காலத்தில்.

மாறும் வட்டிக் கடனில் காலத்தைக் குறைப்பவர்கள் பார்க்கத் தவறுவது இதை. கடன் காலம் குறுகக் குறுக, ஒவ்வொரு தவணையிலும் முதலின் பங்கு பெரிதாக இருக்கும். வட்டி ஏறும்போது விட்டுக்கொடுக்க அதில் இடமில்லை. நிலையான வட்டிக் கடன் என்றால் இந்தப் பயம் இல்லை. அங்கே என் முடிவு வேறாக இருந்திருக்கவும் கூடும்.

இத்தனையும் பார்த்த பிறகு தவணையைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். ஆனால் அந்த 11,477 ரூபாயை முதலுக்குத் திருப்பிக் கட்ட வங்கி விட வேண்டுமே. அது இல்லாவிட்டால் இந்த வழி பாதிதான். கடன் உத்தியோகத்தரிடம் இரண்டு விடயத்தைக் கேட்டேன். மாதாமாதம் தவணைக்கு மேல் சிறு தொகை கட்டினால் முதலில் கழிப்பீர்களா? முன்கட்டணத்துக்குத் தண்டம் எவ்வளவு? எங்கள் ஒப்பந்தத்தில் பதில் இப்படி இருந்தது: பகுதி முன்கட்டணம் ஒரு தடவைக்கு ஒரு இலட்சத்துக்குக் குறையக் கூடாது, கட்டும் தொகையில் 2 சதவீதம் கட்டணம். இது வங்கிக்கு வங்கி, கடனுக்குக் கடன் மாறும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

2 சதவீதம் என்றதும் கணவருக்கு முகம் மாறிவிட்டது. எட்டு இலட்சத்துக்கு 16,000 ரூபாய். ஆனால் எட்டு இலட்சம் குறைவதால் முதல் மாதமே வட்டி 8,000 குறைகிறது. இரண்டு மாதத்தில் கட்டணம் திரும்பிவிடும், அதற்குப் பிறகு எல்லாம் எங்களுக்கு. 12 சதவீதக் கடனில் 2 சதவீதக் கட்டணம் என்றால் இரண்டு மாத வட்டி. கடன் முடிய இன்னும் நெடுங்காலம் இருக்கும்போது அதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

மாதாமாதம் கட்ட முடியாது என்பதுதான் திட்டத்தை மாற்றியது. ஒரு தனிச் சேமிப்புக் கணக்குத் திறந்தோம். வேலை இருக்கும் ஒன்பது மாதமும் சம்பளம் வந்ததும் 11,477 ரூபாய் அதற்குப் போகும். மாரி மூன்று மாதமும் போகாது. ஒன்பது மாதத்தில் 1,03,293 ரூபாய் சேரும். ஒரு இலட்சம் என்ற எல்லையைத் தாண்டிவிடும், அதை ஆண்டுக்கு ஒரு தடவை முதலுக்குக் கட்டலாம். தாண்டுவது மயிரிழைதான் என்பதால் கட்டணப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று கணவர் குறித்துக்கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டு இலட்சத்துக்குத் தவணையைக் குறைக்கச் சொன்ன நாங்கள், ஆண்டுதோறும் கட்டும் ஒரு இலட்சத்துக்குக் காலத்தைக் குறைக்கத்தான் சொல்ல வேண்டும். தவணை 31,564 ஆகவே இருக்க, கடைசித் தவணைகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தவணையைக் குறைத்துக்கொண்டே போனால் கடன் என்றைக்கும் பத்தாம் ஆண்டில்தான் முடியும். குறைந்த ஒவ்வொரு நூறு ரூபாயையும் நாங்கள் தேடிப்பிடித்துச் சேமிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். தவணையை ஒரு தடவை, எங்களால் எந்தக் கெட்ட மாதத்திலும் கட்டக்கூடிய அளவுக்கு இறக்கியாயிற்று. அதற்குக் கீழே இறக்குவதில் பயனில்லை. ஆகவே 'தவணையா, காலமா' என்பது ஒரு தடவை பதில் சொல்லி முடிக்கும் கேள்வி அல்ல. ஒவ்வொரு முன்கட்டணத்துக்கும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியது.

இப்படிக் கட்டினால், வட்டி 12 சதவீதத்திலேயே நின்றால், கடன் ஏழு ஆண்டுக்குள் முடியும். மொத்த வட்டி ஏறக்குறைய 10.6 இலட்சம், ஆண்டுதோறும் போகும் சிறு கட்டணங்கள் பன்னிரண்டாயிரம் அளவில். ஆறே ஆண்டில் முடிக்கும் வழியோடு ஒப்பிட்டால் ஒன்றேமுக்கால் இலட்சம் அதிகம். அதை மறைக்க மாட்டேன், அதுதான் விலை. அந்த விலைக்கு எங்களுக்குக் கிடைப்பவை: ஆண்டில் மூன்று மாதம் 31,564க்கு மேல் ஒரு சதமும் கேட்காத கடன்; ஆண்டு போகப் போக ஐம்பதாயிரம், எண்பதாயிரம் என்று சேரும் ஒரு சேமிப்பு; வட்டி ஏறினால் மூச்சு விட இடம். ஏழு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். மழைக்காலத்தில் நகையை ஒரு தடவை அடகு வைத்து, மீட்கப் பிந்தினால் அதைவிடக் கூடப் போய்விடும்.

இதே முடிவை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை, கணவனும் அரச உத்தியோகம், இருவர் சம்பளமும் மாதம் தவறாமல் வரும். கடனும் நிலையான வட்டி. அவர் காலத்தைக் குறைத்தார், கேட்டதற்கு எடுத்த எடுப்பில் காரணம் சொன்னார். "கையில் பத்தாயிரம் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால் என் வீட்டில் யாருக்காவது சாமத்திய வீடு வந்துவிடும்." தம்மைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவருக்குக் கட்டாயம் என்பது ஒரு உதவி. அவர் வங்கியில் சிறு முன்கட்டணமே ஏற்கமாட்டார்கள் என்பதும் உண்டு. திரும்பக் கட்ட வழியில்லாத இடத்தில் தவணையைக் குறைத்து, மிஞ்சுவதைச் செலவழித்துவிட்டால் அந்த ஏழு இலட்சம் உண்மையிலேயே போய்விடும்.

இனி, முடிவு செய்த பின் மேசையில் நடப்பது. இங்கேதான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள்.

பணத்தை எந்த நாளில் கட்டுவது என்பது முதலாவது. எங்கள் வங்கி வட்டியை நாட்கணக்கில் போடுகிறது. தவணை கட்டிப் பத்து நாள் கழித்துப் போய் எட்டு இலட்சத்தைக் கொடுத்தால், அந்தப் பத்து நாளுக்கு 30 இலட்சத்தின் மேல் சேர்ந்திருக்கும் 9,863 ரூபாய் வட்டியை முன்னதாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கடனின் முதலில் கழிப்பார்கள். அந்த வட்டி எப்படியும் நாங்கள் கொடுக்க வேண்டியதே, நட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் மீதி சரியாக 22 இலட்சத்தில் நிற்காது. தவணையும் 31,564 ஆக வராது, கணக்குச் சரிபார்ப்பது சிக்கலாகும். அதனால் தவணை வெட்டுப்படும் அன்றே, வெட்டுப்பட்டதை உறுதி செய்துகொண்டு கட்டினோம். கட்டணம் 16,000ஐயும் தனியாகக் கொடுத்தோம். எட்டு இலட்சத்திலிருந்து எடுக்க விடவில்லை.

இரண்டாவது, வாய்ச்சொல் போதாது. கடிதம் கொடுத்தோம். அதில் கடன் இலக்கம், திகதி தவிர எழுதியது இவ்வளவுதான்: "மேற்குறிப்பிட்ட கடனுக்கு இன்று செலுத்தும் எட்டு இலட்சம் ரூபாயை முழுமையாகக் கடனின் முதலில் கழிக்கவும். எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையை மாற்றாமல் மாதத் தவணையைக் குறைக்கவும். இத்தொகையை வரும் மாதத் தவணைகளுக்கு முற்பணமாகக் கொள்ள வேண்டாம். திருத்திய தவணை அட்டவணையைத் தந்துதவவும்." பிரதியில் முத்திரையும் கையொப்பமும் திகதியும் வாங்கினேன்.

மூன்றாவது வாக்கியத்தை எழுதவைத்தது அம்பாறைப் பக்கம் இருக்கும் அத்தானின் அனுபவம். அவரும் ஒரு வங்கியில் கடன் வைத்திருந்தார். ஐந்து இலட்சத்தைக் கடன் கணக்குக்கென்று வைப்புச் சீட்டெழுதிக் கட்டிவிட்டு வந்துவிட்டார், கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் சம்பளத்தில் தவணை வெட்டப்படவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கடன் குறைந்துவிட்டது என்று அக்கா சந்தோஷப்பட்டாராம். உண்மையில் வங்கி அந்த ஐந்து இலட்சத்தை முற்பணமாக ஒரு பக்கம் வைத்து, மாதாமாதம் அதிலிருந்து தவணையை எடுத்துக்கொண்டிருந்தது. வட்டி பழைய மீதிக்கே ஓடிக்கொண்டிருந்தது. பணமும் வங்கியில், வட்டியும் வங்கிக்கு. அத்தான் கூற்றறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வைப்புச் சீட்டின் பிரதியை இணைத்துக் கடிதம் எழுதி, பணம் கட்டிய திகதியிலிருந்தே முதலில் கழிக்க வேண்டும் என்று கேட்டார். சில நாள் இழுத்தடித்துத் திருத்திக் கொடுத்தார்கள்.

அதனால் முன்கட்டணம் கட்டிய பின் தவணை அறவே வெட்டப்படாமல் இருந்தால் மகிழ வேண்டாம். தவணையைக் குறைக்கச் சொன்னவருக்குக் குறைந்த தவணை வெட்டுப்பட வேண்டும். காலத்தைக் குறைக்கச் சொன்னவருக்குப் பழைய தவணையே வெட்டுப்பட வேண்டும். ஒன்றுமே வெட்டுப்படவில்லை என்றால் பணம் தவறான இடத்தில் கிடக்கிறது.

எது சரியாக நடந்தது என்று அறிய அட்டவணை முழுவதையும் படிக்கத் தேவையில்லை. அடுத்த தவணையில் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று பிரித்திருக்கும் அந்த ஒரு வரி போதும். எங்களுக்கு முன்பு வட்டி 30,000 அளவில் இருந்தது. பிறகு 22,000 அளவில் இருக்க வேண்டும். 31 நாள் உள்ள மாதமென்றால் 22,422 வரை வரலாம். தவணை 31,564 என்றால் முதலுக்கு ஒன்பதாயிரத்து சொச்சம் போயிருக்கும். காலத்தைக் குறைத்திருந்தால் வட்டி அதே 22,000, முதலுக்கு 21,000 போயிருக்கும். வட்டி இன்னும் 30,000 பக்கத்தில் நின்றால் அன்றே வங்கிக்குப் போக வேண்டும். எங்கள் கூற்றறிக்கையில் வட்டி சரியாகவே இறங்கியிருந்தது. ஆனால் சம்பளக் கணக்கில் தானாக வெட்டும் தொகையை மாற்ற மறந்து பழைய 43,041ஐயே வெட்டியிருந்தார்கள். கூடுதலாகப் போன 11,477 ரூபாய் அடுத்த தவணைக்கென்று முற்பணமாகக் கிடந்தது. தவணையை மாற்றும் பிரிவும் சம்பளத்தில் வெட்டும் பிரிவும் வேறு வேறு என்று உத்தியோகத்தர் விளக்கினார். கடிதப் பிரதியைக் காட்டியதும் திருப்பிக் கணக்கில் போட்டுவிட்டார். அந்தப் பணம் நேரே புதிய சேமிப்புக் கணக்குக்குப் போனது, முதல் வைப்பாக.

வட்டி திருத்தும் கடிதம் வரும்போதெல்லாம் அந்த இரண்டு வரியையும் புதிய வீதத்தோடு மறுபடி போட்டுப் பார்க்கிறோம். வீதம் இறங்கித் தவணை 31,564க்குக் கீழே போனால், போன அளவைச் சேமிப்பில் கூட்டுவது என்பது கணவரின் ஏற்பாடு. ஆண்டுக்கொரு முன்கட்டணத்தைக் கடைசிவரை கட்டப் போவதும் இல்லை. முன்கட்டணத்தால் வெட்டுப்படும் தவணைகள் இரண்டு மாதத் தூரத்துக்குள் வந்துவிட்டால் 2 சதவீதக் கட்டணத்தைக் கொடுப்பதும் வட்டியைக் கொடுப்பதும் ஒன்றாகிவிடும். அப்போது சேமிப்பில் இருப்பதைத் தொடாமல் தவணையை அதன் போக்கில் கட்டி முடிப்பதே மலிவு.